உதடு பொருந்தியது, காட்சி பொருந்தவில்லை

"டப்பிங் ஒட்டவே இல்லை" என்று யாராவது சொன்னால், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். "உதடு ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது." ஆங்கிலக் காணொளிகளுக்குத் தமிழ் வசனம் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது பழகிப்போன புகார். பழகினாலும் உறுத்துகிறது. பார்ப்பவருக்குத் தோன்றும் உணர்வு உண்மையானது, ஏதோ பொய்யாக இருக்கிறது என்று அவர் சொல்வதில் தவறே கிடையாது. ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம் பாதி நேரம் சரியில்லை என்பது என் எண்ணம். உதட்டைக் குற்றம் சொல்வது சுலபம், அது திரையில் தெரிகிறது. உண்மையான கோளாறு இருக்கும் இடத்துக்குப் பார்ப்பவரிடம் பெயர் இல்லை.

இந்த எண்ணம் எனக்குள் உறுதிப்பட ஒரு காட்சி காரணம். வேறொருவர் வசனம் எழுதி, குரல் பதிவும் முடிந்து, "லிப் சிங்க் சரியில்லை, பார்க்கவும்" என்ற ஒற்றைக் குறிப்போடு என்னிடம் வந்தது. ஒரு குறு நாடகம். சாப்பாட்டு மேசையில் அம்மாவும் மகனும். அவன் வெகுநாள் கழித்து ஊருக்கு வந்திருக்கிறான். வீட்டை விற்றுவிட்டாயா என்று கேட்கிறான். அம்மா சொல்லும் பதில் இரண்டே வாக்கியம்: "ஐ டிடின்ட் செல் தி ஹவுஸ். ஐ கேவ் இட் டு யுவர் பிரதர்." வீட்டை விற்கவில்லை, அவனுடைய தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். நாடகமே இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் திரும்புகிறது.

தமிழில் எழுதியிருந்தது இது: "வீட்டை நான் விக்கல. உன் தம்பி பேருக்கு மாத்திட்டேன்."

படிக்கும்போது குறை சொல்ல முடியாத வசனம். பேச்சுத் தமிழ், இயல்பாக இருக்கிறது, வீட்டு விஷயத்தை நம் ஆட்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே இருக்கிறது. பிரேம் பிரேமாக ஓட்டிப் பார்த்தேன். அம்மாவின் வாய் திறக்கும் அதே பிரேமில் தமிழ் தொடங்குகிறது, மூடும் பிரேமில் முடிகிறது. "பிரதர்" என்று சொல்ல அவள் உதடு ஒட்டும் இடத்தில் "மாத்திட்டேன்" என்பதன் மகரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுதியவர் கெட்டிக்காரர். உதட்டைப் பார்த்துத்தான் அந்த வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அப்படியிருந்தும், எதையும் தேடாமல் சும்மா உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தால், அது செத்துக் கிடந்தது.

கண் எதை விட்டுக்கொடுக்கும்

உதடு முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது எவ்வளவு முக்கியம், எங்கே முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒலியும் படமும் விலகினால் மனிதர்கள் எப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்பதை ஒளிபரப்புத் துறைக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்து வைத்திருக்கிறது. ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் சுமார் 125 மில்லி விநாடி வரை தெரியாது. விநாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேம் என்பது ஏறத்தாழ 42 மில்லி விநாடி. அதாவது குரல் ஒரு பிரேமுக்கு மேல் முந்தக் கூடாது, மூன்று பிரேம் பிந்தலாம். வாய் அசைந்து, பிறகு சத்தம் காதுக்கு வருவது இயற்கையில் நடப்பது. வாய் திறக்கும் முன்பே சத்தம் வருவது எங்கும் நடக்காதது. பதிவுக் கூடத்தில் நான் பின்பற்றும் ஒரே கறாரான விதி இதுதான், தொடக்கத்தில் முந்தாதே. முடிவில் இரண்டு பிரேம் நீண்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

உதடு ஒட்டும் ஒலிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ப, ம இரண்டும் வாயை மூடாமல் வராது. ஆங்கிலத்தில் பல் கீழுதட்டைத் தொடும் ஒலிகள் உண்டு, நம் வகரம் அவற்றுக்குக் கிட்டே வரும். மற்ற மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வாய்க்குள் பிறப்பவை, வெளியே இருந்து பார்த்தால் தகரமா டகரமா என்று சொல்ல முடியாது. கண் காதை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு 1976இல் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் வெளியிட்ட ஆய்வு உண்டு. "பா" என்ற ஒலியை "கா" என்று அசையும் வாயோடு சேர்த்துக் காட்டினால் நிறைய பேருக்கு "டா" என்று கேட்கிறது. வாய் மூடவில்லை என்று கண் சொல்லிவிட்டதால், பகரத்தைக் காது நம்ப மறுக்கிறது. அதனால் முகம் திரையை நிறைக்கும் நெருக்கக் காட்சியில் ப, ம வரும் இடங்களை நான் கோடிட்டுக்கொள்வேன். இடுப்புவரை தெரியும் காட்சியில் வாக்கியத்துக்கு ஒன்று பொருந்தினால் போதும். எட்டத்தில் நின்று பேசினால் தொடக்கமும் முடிவும் மட்டும்.

நம் அம்மா காட்சியில் இவை அத்தனையும் சரியாக இருந்தன. அப்படியானால் எது சரியில்லை?

நாற்பது கட்டங்கள்

பிரான்சில் டப்பிங் செய்பவர்கள் படத்துக்குக் கீழே ஒரு பட்டையை ஓடவிடுவார்கள். அதில் வசனம், பேசும் வேகத்துக்கு ஏற்றபடி எழுத்துகள் நீண்டும் குறுகியும் எழுதப்பட்டிருக்கும். பட்டையைப் பார்த்தாலே எந்தச் சொல் எந்த நொடியில் விழுகிறது என்று தெரிந்துவிடும். என்னிடம் அந்த வசதி இல்லை. சந்தேகம் வந்தால் கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொள்வேன், ஒரு கட்டம் ஒரு பிரேம். அம்மாவின் இரண்டாவது வாக்கியம் முதல் அசைவிலிருந்து கடைசி வரை 40 கட்டம், ஒன்றேமுக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. மேல் வரிசையில் ஆங்கிலம், அதன் கீழே தமிழ், அதற்கும் கீழே படத்தில் என்ன நடக்கிறது என்று எழுதினேன். அந்த மூன்றாவது வரிசையைத்தான் நாங்கள் யாரும் எழுதுவதில்லை.

மூன்றாவது வரிசை இப்படி இருந்தது. காட்சி தொடங்கும்போது காமிரா மகனின் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. அம்மாவின் முகம் தெரிகிறது, திரையின் ஓரத்தில் அவன் தோளும் காதும் தெரிகின்றன. 28ஆவது கட்டத்தில் "பிரதர்" தொடங்குகிறது, அதே இடத்தில் அம்மாவின் தலை லேசாக இறங்குகிறது. 34ஆவது கட்டத்தில் காட்சி வெட்டி மகன் முகத்துக்குப் போகிறது, சொல்லின் வால் அவன் முகத்தின் மேல் கேட்கிறது. 44ஆவது கட்டத்தில் அவன் கண் தாழ்கிறது. சொல் காதில் விழுந்ததிலிருந்து கண் தாழும் வரை 16 பிரேம், விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. அதிர்ச்சியான செய்தியைக் கேட்ட ஒருவன் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அது. படத்தொகுப்பாளர் அதை யோசித்துத்தான் வெட்டியிருக்கிறார்.

இப்போது தமிழ் வரிசையைப் பார்த்தால், "உன் தம்பி" என்பது 8ஆவது கட்டத்திலேயே வந்துவிடுகிறது. அம்மா அதைச் சொல்லிவிட்டாள். அவனுடைய தோள் அசையவில்லை. அவள் தலை இன்னும் இறங்கவில்லை. அடுத்த 20 பிரேமுக்கு, "பேருக்கு மாத்திட்டேன்" என்ற, யாருமே ஊகிக்கக்கூடிய மிச்சத்தை அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவன் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அவள் தலை இறங்குவது "மாத்திட்டேன்" என்ற சொல்லுக்கு. என்ன பெரிய செய்தி அதில்? கடைசியில் அவன் கண் தாழும்போது, தம்பி என்ற சொல் விழுந்து ஒன்றரை விநாடி ஆகிவிட்டது. பார்ப்பவர் அவனுக்கு முன்பே அதிர்ந்து முடித்து, இவன் ஏன் இன்னும் அசையவில்லை என்று காத்திருக்கிறார். இந்த ஒன்றரை விநாடிக் காத்திருப்பைத்தான் அவர் "உதடு ஒட்டல" என்று சொல்கிறார்.

வினை கடைசியில் வரும் மொழிக்கும் வினை நடுவில் வரும் மொழிக்கும் இடையே இது தினமும் நடப்பது. ஆங்கிலத்தில் கொடுத்தேன் என்பது முதலில், யாருக்கு என்பது கடைசியில். தமிழில் யாருக்கு என்பது முதலில், கொடுத்தேன் கடைசியில். நீளத்தைச் சமன் செய்யும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் இரண்டு வாக்கியங்களும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் படம் ஆங்கில வரிசையில் நடிக்கப்பட்டு, ஆங்கில வரிசையில் வெட்டப்பட்டிருக்கிறது. நடிகையின் புருவம், தலையசைப்பு, எதிரே இருப்பவனின் மூச்சு எல்லாம் அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டவை. இவற்றில் எதையும் நம்மால் நகர்த்த முடியாது. நகரக்கூடியது தமிழ் மட்டும்தான்.

பதிவுப் பொறியாளரிடம் போனால் இதைச் சரிசெய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். குரலை மென்பொருளில் கொஞ்சம் இழுக்கலாம், கொஞ்சம் நெருக்கலாம், உண்மைதான். சிறிய அளவில் செய்தால் தெரியாது. நூற்றுக்கு ஐந்தைத் தாண்டும்போது என் காதுக்குக் குரல் ரப்பராக ஆரம்பிக்கும். எவ்வளவு இழுத்தாலும் சொற்களின் வரிசை மாறாது.

ரெண்டு வாக்கியமாயிடுமே

தமிழ் எழுதும்போதுதான் வினையில் முடிய வேண்டும். பேசும்போது அந்தக் கட்டாயம் இல்லை. "பாத்தேன் அவனை", "வந்துட்டாங்களா எல்லாரும்?", "குடுத்துட்டேன் அப்பவே" என்று வினைக்குப் பின்னாலும் சொற்களைத் தொங்கவிட்டுப் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆகவே முதல் யோசனை எல்லாருக்கும் வருவதுதான், திருப்பிப் போடு: "குடுத்துட்டேன் உன் தம்பிக்கு."

எண்ணிப் பார்த்தேன். நான் எண்ணுவது எழுத்தையும் அல்ல, யாப்பில் வரும் நேர் நிரையையும் அல்ல. வாய் ஒரு தடவை திறந்து வெளியே விடும் ஒலித்துண்டை. "குடுத்துட்டேன்" என்பதில் ஏழு எழுத்து, நான்கு துண்டு: கு, டுத், துட், டேன். ஆங்கில வாக்கியத்தில் 7 துண்டு, தமிழில் 8. பரவாயில்லை. "தம்பி" என்பதன் மகர பகரம் "பிரதர்" தொடங்கும் உதட்டு மூடலில் போய் உட்காரும். கதையில் அவன் இளையவனாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அண்ணன் என்றால் அந்தச் சொல்லில் உதடு ஒட்டவே ஒட்டாது.

பதிவுக் கூடத்துக்குப் போனோம். அம்மாவுக்குக் குரல் கொடுத்தவர் நாடக மேடையில் பல வருஷம் நின்றவர். காதில் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டு, திரையைப் பார்த்துச் சொன்னார். எல்லாம் பொருந்தியது. காட்சி இன்னும் எழுந்திருக்கவில்லை, முன்பைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன். "தம்பிக்கு" என்பது போகிற போக்கில் சொன்ன தகவல் போல நழுவிவிட்டது. அவன் முன்பே அறிந்ததை நினைவூட்டுவது போல இருந்தது.

யோசித்தால் காரணம் தெளிவு. வினைக்குப் பின்னால் தொங்கும் சொல், தமிழில் பெரும்பாலும் கனமில்லாத சொல். "பாத்தேன் அவனை" என்றால் அவன் யார் என்பது நம் இருவருக்கும் தெரியும், பார்த்தேன் என்பதுதான் செய்தி. கனமான சொல்லைத் தமிழ் வினைக்குச் சற்று முன்னால் வைக்கும். "நேத்து நான் *உன்னைத்தான்* பாத்தேன்." திருப்பிப் போடும் உத்தி இடத்தைச் சரிசெய்தது, ஆனால் அந்த இடத்துக்கு மொழியில் இருக்கும் மதிப்பு குறைவு. தெரிந்த செய்திகளுக்கான மூலையில் கதையின் பெரிய செய்தியைக் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

வேறொரு வழியும் உண்டு. "குடுத்தது உன் தம்பிக்கு." இந்த அமைப்பில் கடைசிச் சொல்லுக்கு முழு எடையும் கிடைக்கும், தமிழ் தானே விரும்பிக் கொடுக்கும் எடை. "குடுத்தது" என்பதன் கடைசி உகரம் "உன்" என்பதில் கரைந்து போவதால் துண்டுக் கணக்கும் சரியாக 7. சொல்ல வைத்துப் பார்த்தோம். அழகாக இருந்தது, ஆனால் அம்மா சண்டைக்காரி ஆகிவிட்டாள். "குடுத்தது" என்று தொடங்கினால், யாருக்கோ கொடுத்தாயிற்று என்பது எதிராளிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். உனக்கில்லை, உன் தம்பிக்கு என்று அவனைத் திருத்துவது போல ஒலிக்கும். இந்த மகனுக்கோ வீடு கைமாறியதே அந்த நொடியில்தான் தெரிய வருகிறது. வேறு காட்சிகளில் இந்த அமைப்பு என்னை நிறைய தடவை காப்பாற்றியிருக்கிறது. "யார் செஞ்சான்னு நான் சொல்லட்டுமா?" என்ற பிறகு "செஞ்சது நீ" என்று வந்தால் அதைவிடப் பொருத்தமானது இல்லை. இங்கே உதவவில்லை.

அப்போது குரல் கொடுத்தவர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "ஒண்ணு சொல்லுங்க. இதுல குடுத்துட்டேங்கறதை அழுத்தணுமா, தம்பிக்குங்கறதை அழுத்தணுமா?"

"ரெண்டையும்தாங்க."

"ரெண்டையும் அழுத்துனா அது ஒரு வாக்கியமா இருக்காது. ரெண்டு வாக்கியமாயிடுமே."

அவ்வளவுதான் விஷயம். ஆகட்டும் என்றேன். வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதற்குப் பதில் உடைக்க வேண்டும். "குடுத்துட்டேன்." முற்றுப்புள்ளி. குரல் இறங்கி முடிய வேண்டும். "உன் தம்பிக்கு." புதிதாக எழ வேண்டும். இரண்டாவது துண்டு முதல் துண்டின் வால் அல்ல, தானே ஒரு செய்தி. நாம் கனமான விஷயங்களைச் சொல்லும்போது இப்படித்தான் சொல்கிறோம். "போயிட்டாரு. அப்பா." என்று சொன்னவரைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், திரையில் இருக்கும் ஆங்கில அம்மா நடுவில் நிறுத்தவே இல்லை. அவள் வாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. தமிழில் நான் கேட்கும் அந்த இறக்கத்துக்கு நேரம் எங்கே இருந்து வரும்? மறுபடி கட்டம். 28ஆவது கட்டத்தில் உதடு மூடியாக வேண்டும். "தம்பி" என்பதில் தகரத்துக்கு 3 கட்டம், "உன்" என்பதற்கு 4 கட்டம். ஆக "உன்" 21ஆவதில் தொடங்க வேண்டும். "குடுத்துட்டேன்" என்பதை நிதானம் கெடாமல் 16 கட்டத்தில் சொல்ல முடியும். மிச்சம் 4 கட்டம், விநாடியில் ஆறில் ஒரு பங்கு. குரல் இறங்கியது என்று காதுக்குக் காட்ட அது போதும். அந்த 4 கட்டத்தில் திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். "இட் டு" என்ற சின்னச் சொற்கள். ஆங்கிலத்தில் அழுத்தமில்லாத சொற்களை விழுங்கிவிடுவார்கள், வாய் பெரிதாகத் திறக்காது, நாக்குதான் உள்ளே வேலை செய்கிறது. அங்கே மௌனம் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதை அடுத்து "யுவர்" என்பதற்காக உதடு குவிகிறது. தமிழில் அந்த இடத்தில் "உன்". உகரத்துக்கும் உதடு குவிய வேண்டும். இதைத் திட்டமிட்டேன் என்று சொல்ல ஆசைதான், தானாக அமைந்தது.

பொருந்தாத இடம் ஒன்று உண்டு. "கேவ்" என்பதன் கடைசியில் பல் கீழுதட்டைத் தொடுகிறது, "குடுத்துட்டேன்" என்பதில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. பழைய வசனத்தில் அங்கே "பேருக்கு" என்பதன் பகரம் அருகில் வந்து சமாளித்தது. உதட்டை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் பழைய வசனம்தான் ஜெயிக்கும். அதை விட்டுவிட்டேன், மனக்குறை இல்லை.

தாளில் எழுதிக் கொடுத்தது இப்படி:

குடுத்துட்டேன் / உன் தம்பிக்கு

சாய்கோடு சின்ன நிறுத்தம். அவர் சொன்னார். 28இல் உதடு மூடியது, தலை இறங்கியது, "பி" என்பது முடியும்போது வெட்டு விழுந்தது, "க்கு" மட்டும் மகனின் முகத்தின் மேல் கேட்டது. குறிப்பு எழுதி அனுப்பியவர் அடுத்த முறை உதட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

இந்த உடைப்பை எல்லா வசனத்திலும் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைவந்துவிட்டால் எல்லாவற்றையும் உடைக்கத் தோன்றும், பாத்திரங்கள் எல்லாரும் துண்டு துண்டாகப் பெருமூச்சு விட்டுப் பேச ஆரம்பிப்பார்கள், அது இன்னொரு பொய். நான் முதலில் பார்ப்பது, இந்த வசனத்தில் படம் எந்தச் சொல்லுக்காவது காத்திருக்கிறதா என்று. வெட்டு, தலையசைப்பு, கண் திரும்புவது, கோப்பையைக் கீழே வைப்பது, இவற்றில் ஏதாவது ஒரு சொல்லோடு முடிச்சுப் போட்டிருந்தால் மட்டும் அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோகிறேன். காத்திருக்காத வசனங்கள் நிறைய. "காபி எடுத்துக்கிறியா?" என்பதில் சொல் எங்கே விழுந்தாலும் உலகம் மூழ்காது. அவற்றைத் தமிழ் தன் போக்கில் போகவிடுவதுதான் நல்லது, அப்போதுதான் உடைக்கும் இடத்தில் உடைத்தது உறைக்கும்.

மறுப்பைச் சொல்லும் வசனங்களில் எனக்கு உடைக்க வேண்டிய தேவை குறைவு என்பது பின்னால் புரிந்தது. ஆங்கிலத்தில் "ஐ நெவர் டோல்ட் எனிபடி" என்று சொல்லும் நடிகர் இரண்டாவது சொல்லிலேயே தலையை ஆட்டிவிடுவார். தமிழில் இல்லை என்பது கடைசியில்தான் வரும் என்று பயப்படுவோம். ஆனால் "யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று தொடங்கும்போதே அந்த "யும்" காதில் விழுந்ததும் மறுப்பு வரப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. தலையசைப்பு அதன் மேல் சரியாக விழும். யார்கிட்டயும், எங்கயும், ஒருநாளும், ஒண்ணும் என்று வாக்கியத்தைத் தொடங்கினால் போதும்.

வாயே தெரியாத காணொளிகள்

உதடுதான் பிரச்சினை என்றால் பயிற்சிக் காணொளிகளில் பிரச்சினையே இருக்கக் கூடாது. அங்கே பேசுபவர் முகம் தெரியாது, கையும் கருவியும்தான் தெரியும். ஆனால் அங்கேதான் வரிசைக் கோளாறு ஆபத்தாகவே முடியும். ஓர் இயந்திரத்தைத் திறக்கும் முறையைச் சொல்லும் காணொளி. ஆங்கிலக் குரல், கதவைத் திறப்பதற்கு முன் சிவப்புக் கைப்பிடியை இழுக்கச் சொல்கிறது. அதில் கைப்பிடி முதலில் சொல்லப்படுகிறது, கதவு பிறகு. படத்திலும் கை முதலில் கைப்பிடிக்குப் போகிறது, அதன் பிறகு கதவுக்கு. தமிழில் வந்திருந்தது: "கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி சிவப்புக் கைப்பிடியை இழுங்க." இலக்கணமும் சரி, நீளமும் சரி. கேட்கிறவர் "கதவைத் திற" என்று கேட்கும்போது கை கைப்பிடியில் இருக்கிறது, "கைப்பிடி" என்று கேட்கும்போது கை கதவில் இருக்கிறது. வேலையைச் செய்துகொண்டே காணொளியைப் பார்ப்பவர் கண் பார்த்ததை நம்புவாரா, காது கேட்டதையா?

அதை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். "முதல்ல சிவப்புக் கைப்பிடியை இழுங்க. அப்புறம்தான் கதவு." படத்தின் வரிசை, தமிழின் வரிசை, வேலையின் வரிசை மூன்றும் ஒன்றாகிவிடும். மிச்சமாகும் நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது. "அதாவது பாத்தீங்கன்னா" என்று இடைவெளியை நிரப்பும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, பெட்டி காலியாக இருந்தால் நஷ்டம் என்று நினைப்பது போல. அம்மா காட்சியிலும் "விக்கல" என்பதற்கும் "குடுத்துட்டேன்" என்பதற்கும் நடுவே அரை விநாடிக்கு மேல் மௌனம் இருந்தது. அதில் ஒரு "ம்" சேர்க்கலாமா என்று பொறியாளர் கேட்டார். வாய் மூடித்தானே இருக்கிறது, பொருந்தும் என்றார். பொருந்தியிருக்கும். வேண்டாம் என்றேன்.

பாதியில் அறுந்த பேச்சு

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குப் பிடிபடாமல் அலைக்கழிப்பது, பாதியில் நின்றுபோகும் வாக்கியம். மருத்துவமனைக் கட்டிலில் ஒருவர், "ஹி டோல்ட் மீ தட் தி மனி இஸ்" என்று தொடங்குகிறார், கதவு படாரென்று திறக்கிறது, பேச்சு நின்றுவிடுகிறது. பணம் எங்கே என்பது மட்டும் தெரியாமல் பார்ப்பவர் தவிக்க வேண்டும். தமிழில் இயல்பாக எழுதினால் "பணம் எங்க இருக்குன்னு அவர் என்கிட்ட" என்று நின்றுவிடும். இப்போது தெரியாமல் போனது பணம் இருக்கும் இடம் அல்ல. அவர் சொன்னாரா, சொல்லவில்லையா, மறைத்தாரா என்பதுதான் தெரியாமல் போகிறது. தவிப்பே வேறு தவிப்பாகிவிட்டது. வினை கடைசியில் இருப்பதால், வாக்கியத்தை எங்கே அறுத்தாலும் தமிழில் முதலில் பறிபோவது வினைதான்.

இதற்கு இப்போதைக்கு என்னிடம் இருப்பது, நாம் பேச்சில் தடுமாறும்போது போட்டுக்கொள்ளும் "வந்து". சொல்ல வேண்டிய வினையை முதலிலேயே சொல்லி முடித்துவிட்டு, செய்தியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்த அது உதவுகிறது. "அவர் சொன்னாரு, பணம் வந்து..." ஆங்கிலத்தில் "மனி" என்று உதடு ஒட்டும் இடத்தில் "பணம்" என்பதன் பகரம். துண்டுகளை எண்ணினால் ஒன்று அதிகம், ஆங்கிலத்தில் 8, தமிழில் 9. ஆனால் கடைசித் துண்டு "து", அதுவும் அரை மாத்திரைக் குற்றியலுகரம். கதவுச் சத்தத்தை ஒலிக்கலவையில் ஒரு பிரேம்கூட நகர்த்த வேண்டாம் என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டேன், அது அந்தத் "து"வை விழுங்கிக்கொள்ளும்.